படத்தைப் பார்த்து எழுதும் தத்தெடுப்பு அறிவிப்பு: அளவு, முடி, காது

தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்கள். அதைப் பார்த்து, நாய்க்கு வீடு தேடும் அறிவிப்பை நான் எழுதிக் கொடுப்பேன். பெரும்பாலும் அந்த நாயை நான் நேரில் பார்த்திருக்க மாட்டேன். அனுப்புகிறவர் கொளத்தூரில் இருப்பார், நான் மடிப்பாக்கத்தில் இருப்பேன். கையில் இருப்பது ஏழெட்டுப் படங்களும், "மேடம், ரொம்ப நல்ல நாய், சீக்கிரம் போடுங்க" என்ற ஒரு குரல் செய்தியும்தான்.

எழுதுவது நாலைந்து வரிதான் என்றாலும், அந்த வரிகளை நம்பித்தான் யாரோ ஒரு குடும்பம் ஆட்டோ பிடித்து வருகிறது. "குட்டி நாய்" என்று படித்துவிட்டு வந்தவர்கள் முழங்கால் உயரத்தில் ஒரு நாயைப் பார்த்தால் தயங்குவார்கள். தயங்கியபடியே கூட்டிப்போனால் பத்து நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குள் அந்த நாய் இருந்த இடத்தில் வேறு நாய்கள் உட்கார்ந்திருக்கும், அது பழைய தெருவிலேயே அடி வாங்கும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் தெருநாய் வழக்கில் தந்த உத்தரவும் இதைச் சொல்கிறது: தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு. அதனால் வருகிறவர் மனதில் சரியான நாய் இருக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருப்பேன்.

பொம்மிக்கு எழுதியதை வைத்தே சொல்கிறேன். இஸ்திரி வண்டி போட்டிருக்கும் ஓர் அக்காதான் அவளை வளர்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, மத்தியானம் அவர் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டு வளர்ந்தவள். அக்கா ஊருக்கே போய்விட முடிவு செய்ததால் வீடு தேடினோம். படங்களை அனுப்பியது அக்காவின் மகன், பதினோராம் வகுப்புப் பையன்.

முதல் படம், எல்லோரும் எடுப்பது போலவே, நின்றுகொண்டு போனைக் கீழே காட்டி எடுத்தது. இப்படி எடுத்தால் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் தலை பெரிதாகவும், தள்ளி இருக்கும் கால்கள் குட்டையாகவும் விழும். கண்ணும் மேலே நிமிர்ந்து பார்க்கும். வளர்ந்த நாய்கூட மூன்று மாதக் குட்டி போலத் தெரியும். பார்க்க அழகாக இருப்பதால் இந்தப் படத்தைத்தான் முதலில் போடச் சொல்வார்கள். நான் போட விட மாட்டேன். "இவ்வளவு பெருசா?" என்று வாசலில் நின்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்து வந்தவர்கள்தான்.

அளவு சொல்லப் பக்கத்தில் ஏதாவது ஒரு பொருள் வேண்டும், அதன் உயரம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் அதற்குப் பஞ்சமே இல்லை. எந்த வாசலிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் நிற்கும். அதன் உயரம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். நாயைக் கேனுக்குப் பக்கவாட்டில் நிற்கவைத்து, எடுப்பவர் தரையில் உட்கார்ந்து, நாயின் கண்மட்டத்தில் போனைப் பிடித்து எடுத்தால் போதும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நாயின் பாதமும் கேனின் அடியும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். கேன் பின்னால் கேட் ஓரமாக இருந்து நாய் முன்னால் நின்றால், நாய் இல்லாத உயரத்துக்குத் தெரியும். தரையில் டைல்ஸ் இருந்தால் சுலபம், இரண்டும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம்.

பையனிடம் இதைச் சொன்னதும் மறுநாள் காலையிலேயே அனுப்பினான். பொம்மியின் தோள் மேடு கேனின் கழுத்துக்குக் கீழே, வளைவு தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நாயின் உயரத்தைத் தலையில் பார்க்கக் கூடாது, தலை ஏறும் இறங்கும். கழுத்து முதுகோடு சேரும் மேட்டில்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவள் ஏறக்குறைய ஒன்றரை அடி. நம் தெருக்களில் இருக்கும் பெண் நாய்களுக்கு இது சாதாரண அளவுதான்.

எடையைப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். ஒல்லியான நாயும் முடி அடர்ந்த நாயும் கண்ணை ஏமாற்றும். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருந்தால், நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம். தூக்க விடாத நாய் என்றால் டாக்டரிடம் போனபோது சீட்டில் எழுதியிருப்பார்களா என்று பார்க்கச் சொல்வேன். பொம்மியின் சீட்டில் 14 கிலோ என்று இருந்தது.

சரி, இதை எப்படி எழுதுவது? "நடுத்தர அளவு" என்று போட்டால் லேப்ரடார் வளர்த்தவருக்கு ஒன்று தோன்றும், பக்கத்து வீட்டுப் பொமரேனியனை மட்டுமே பார்த்தவருக்கு வேறொன்று தோன்றும். நான் உடம்பில் காட்டிவிடுவேன்: "நிற்கும்போது முதுகு உங்கள் முழங்கால் அளவுக்கு வரும். எடை 14 கிலோ. தண்ணீர் நிரம்பிய கேனைவிட லேசு, ஒருவரே தூக்கி ஆட்டோவில் ஏற்றலாம்." இப்படி எழுதினால் மூன்றாவது மாடியில் இருக்கும் வயதான தம்பதி தங்களால் முடியுமா என்று தாங்களே யோசித்துக்கொள்வார்கள். "பெரிய நாய் இல்லை", "குண்டு இல்லை" என்று இல்லாததைச் சொல்லி ஆரம்பிப்பதை விட்டுவிடலாம். குறை ஏதோ இருப்பது போல அது ஒலிக்கும்.

குட்டிகளுக்கு இந்த வழி பலிக்காது. இரண்டு மாதக் குட்டியின் படத்தைப் பார்த்து அது எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதம் பெரிதாக இருக்கிறது, அதனால் பெரிதாக வளரும் என்பதெல்லாம் நிச்சயமில்லாத பேச்சு. ஆனால் ஃபிளாட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பதே "சின்னதாவே இருக்குமா?" என்றுதான். தாய் நாயின் படத்தைக் கேட்டு வாங்கிப் பக்கத்திலேயே போட்டுவிடுவேன். "அம்மா இந்த அளவு. அப்பா யார் என்று தெரியாது. வளர்ந்தால் 15 முதல் 20 கிலோவரை வரலாம் என்று எண்ணிக்கொண்டு எடுங்கள்." இன்னொன்று, குட்டியின் வயிறு பந்து மாதிரி உப்பியிருந்து விலா எலும்பு தெரிந்தால் அது கொழுகொழு குட்டி அல்ல, பெரும்பாலும் வயிற்றில் பூச்சி. அழகாக வர்ணிப்பதை நிறுத்திவிட்டுப் பூச்சி மருந்து கொடுக்க வைப்பதுதான் முதல் வேலை.

இனி நிறமும் முடியும். பையன் முதலில் அனுப்பியதில் மூன்று படங்கள் இரவில் எடுத்தவை. மஞ்சள் விளக்குக்கு அடியில் வெள்ளை நாயும் பழுப்பாகிவிடும், செவலை நாய் ஆரஞ்சாகிவிடும். வெள்ளை எல்இடி விளக்கில் எல்லாம் சாம்பல் பூசியது போல இருக்கும். காலை ஏழு மணி வாக்கில் நிழலில் எடுத்த படம்தான் நம்பத் தகுந்தது. அந்தப் படத்தில்தான் பொம்மியின் நெஞ்சில் வெள்ளை இருப்பதே தெரிந்தது. முன்கால் இரண்டிலும் சாக்ஸ் போட்டது போல வெள்ளை, வால் நுனியில் ஒரு சிட்டிகை வெள்ளை, மற்றபடி வெளிர் செவலை. கருப்பு நாய்க்கு இது இன்னும் முக்கியம். வெயிலில் எடுத்தால் கண் எங்கே மூக்கு எங்கே என்று தெரியாமல் ஒரு கருந்திட்டாக விழும். அதைப் பார்த்து யாரும் போன் செய்ய மாட்டார்கள். திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி எடுத்தால் கண்ணும் முடியின் பளபளப்பும் கிடைக்கும்.

பகல் படத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இடுப்புக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தைச் சுற்றி முடி குறைந்திருந்தது. உள்ளே தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பையன் இதைச் சொல்லவில்லை, அந்தப் படத்தைப் போட வேண்டாம் என்றுதான் சொன்னான். "பார்த்தா சொறி நாய்னு நெனச்சுப்பாங்க மேடம்." அவன் பயம் எனக்குப் புரிந்தது. அந்தச் சொல் நம் ஊரில் மனுஷனைத் திட்டவே பயன்படுகிறது. ஆனாலும் மறைத்தால் வந்து பார்க்கும்போது தெரியத்தானே போகிறது? அப்போது "வேற என்ன மறைச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள், அதற்குப் பிறகு நல்லதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

முடி எங்கே கொட்டியிருக்கிறது என்பது ஒரு துப்பு தரும். வாலடியிலும் இடுப்பிலும் கொட்டினால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி கடித்து அதனால் வரும் அரிப்பு. காது ஓரம், முழங்கை இந்த இடங்களில் கொட்டி, பொருக்குத் தட்டி, நாய் ஓயாமல் சொறிந்துகொண்டே இருந்தால் சிரங்குப் பூச்சியாக இருக்கலாம். அது பிற நாய்களுக்கும் தொற்றும், கொஞ்ச நாளைக்கு மனிதர்களுக்கும் அரிப்பைக் கொடுக்கும். குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் வட்டமாக முடி உதிர்வது பல நேரம் வேறொரு வகை, அது மனிதருக்கு ஒட்டாது. இவையெல்லாம் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். அறிவிப்பில் நோயின் பெயரை நான் படத்தைப் பார்த்து எழுதவே மாட்டேன். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவர் சொன்னால்தான் எழுதுவேன். தொற்றும் நோய் என்று தெரிந்தால் சிகிச்சை முடியும்வரை அறிவிப்பே கிடையாது.

பொம்மிக்கு டாக்டர் சீட்டு இருந்தது என்றேன் இல்லையா, அதில் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து கொடுத்தது தேதியோடு இருந்தது. அதனால் இப்படி எழுதினேன்: "குட்டை முடி, வாரம் ஒருமுறை சீப்பால் வாரினால் போதும். இடுப்பிலும் வாலடியிலும் இப்போது முடி மெலிதாக இருக்கிறது. தெள்ளுப்பூச்சியால் கொட்டியது. சிகிச்சை முடிந்து புதுமுடி வந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தின் படமும் கீழே இருக்கிறது." ஐயோ பாவம் என்றோ, எத்தனை கஷ்டப்பட்டாள் என்றோ எழுதவில்லை. பரிதாபப்பட்டு எடுப்பவர்கள் உண்டு, ஆனால் அந்த வேகம் இரண்டாவது வாரம் சோபாவைக் கடிக்கும்போது இருப்பதில்லை. என்ன இருந்தது, என்ன செய்தோம், இப்போது எப்படி இருக்கிறது, இந்த மூன்றையும் இதே வரிசையில் சொன்னால் படிப்பவருக்கு அருவருப்பு வராது. புண் ஆறிய தழும்புக்கும் இதேதான்.

காதுக்கு வருவோம். எனக்குக் காதைப் பற்றி எழுதப் பிடிக்கும். ஒரு நாயை இன்னொரு நாயிலிருந்து பிரித்துக் காட்டுவதில் காதுக்குத்தான் முதலிடம். செவலை நாய்கள் தெருவுக்குத் தெரு இருக்கும், ஆனால் ஒரு காது விடைத்து நிற்க, இன்னொன்று பாதியில் மடிந்து கண்மேல் சாயும் நாய் ஒன்றுதான் இருக்கும்.

ஆனால் ஒரே படத்தை வைத்துக் காதின் அமைப்பைச் சொல்லக் கூடாது. பொம்மியின் முதல் படத்தில் இரண்டு காதும் பின்னால் ஒட்டிக் கிடந்தன. பையன் குனிந்து போனை முகத்துக்கு நேரே நீட்டியிருந்தான், அவள் மிரண்டிருந்தாள். மிரண்ட நாய் காதைப் பின்னால் மடக்கும், கொஞ்சலாக வரும் நாயும் மடக்கும். அதைப் பார்த்து "தொங்கு காது" என்று எழுதிவிட்டால் நேரில் வேறு நாயாகத் தெரியும். நாய் எதையோ உற்றுப் பார்க்கும்போது எடுத்த படம் வேண்டும். கேமராவுக்குப் பக்கத்தில் பிஸ்கட் பாக்கெட்டை லேசாகக் கசக்கினால் போதும். அப்படி எடுத்த படத்தில் அவளுடைய வலது காது கூர்மையாக நின்றது, இடது காது நுனி மட்டும் முன்னால் மடிந்திருந்தது. குட்டிகள் விஷயத்தில் இந்த வாக்கை நான் கொடுப்பதில்லை. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும் சமயத்தில், காது ஒரு நாள் நிற்கும், மறுநாள் சாயும். "இப்போதைக்கு மடிந்திருக்கிறது, வளர வளர மாறலாம்" என்று எழுதிவிட வேண்டும்.

பொம்மியின் வலது காதின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டும் இருந்தது. பையனுக்கு அது ஏன் என்று தெரியவில்லை, நாய்ச் சண்டை என்று நினைத்திருந்தான். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டின் இரண்டு ஓரமும் நேராக, கத்தியால் எடுத்தது போலச் சுத்தமாக இருந்தன, ஓரம்வரை முடி வளர்ந்திருந்தது. கடித்துக் கிழிந்த காது இப்படி இருக்காது. ஓரம் பிசிறு பிசிறாக, முடி முளைக்காத தழும்போடு இருக்கும், பக்கத்தில் பல் பட்ட வேறு தடங்களும் இருக்கும். அக்காவிடமே போனில் கேட்டேன். "அது யாரும் கடிக்கலம்மா. கார்ப்பரேசன் வண்டி வந்து புடிச்சிட்டுப் போச்சு, ஆபரேசன் பண்ணி நாலஞ்சு நாள் கழிச்சு இதே எடத்துல கொண்டாந்து வுட்டாங்க. அப்பத்துலேர்ந்து காது அப்படித்தான்."

கருத்தடை செய்த தெருநாய்க்கு, அது முடிந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரியும்படி காதில் இந்த அடையாளம் போடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே செய்வது. மத்திய அரசின் 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளிலும் இது இருக்கிறது. நமக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் முதல்முறை நாய் எடுக்க வருகிறவருக்குத் தெரியாது. படத்தைப் பார்த்தவுடன் "காது ஏன் அறுந்திருக்கு, சண்டைக்கார நாயா?" என்று கேட்பார்கள். கேட்காமலே ஒதுங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் அந்த ஒரு வெட்டுக்கு ஒரு முழு வாக்கியம் ஒதுக்குவேன். "வலது காது ஓரத்தில் இருக்கும் சிறு வெட்டு, கருத்தடை ஆகிவிட்டதற்கு மாநகராட்சி முகாமில் இட்ட அடையாளம்." குறை போலத் தெரிந்தது, எடுப்பவருக்கு ஒரு செலவும் அலைச்சலும் மிச்சம் என்ற செய்தியாகிவிடுகிறது. ஆனால் வெட்டைப் பார்த்த மாத்திரத்தில் கருத்தடை ஆகிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. சோறு வைப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டாக்டர் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்.

இனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படம் அனுப்புகிறவர்கள் ஆசையாக ஏதாவது சேர்க்கச் சொல்வார்கள். வெள்ளையாக, மூக்கு இளஞ்சிவப்பாக இருந்தால் ராஜபாளையம் கிராஸ், கால் நீளமாக ஒல்லியாக இருந்தால் சிப்பிப்பாறை, செவலையாக முகம் கருத்திருந்தால் கோம்பை. படத்தைப் பார்த்து இதைச் சொல்ல எந்த வழியும் இல்லை. அந்தப் பெயரைப் பார்த்து வருகிறவர்கள் காவலுக்கோ, சிலர் குட்டி போடவைத்து விற்கவோ வருவார்கள், நாம் தேடுவது அவர்களை அல்ல. "நாட்டு நாய்" என்று நிமிர்ந்து எழுதுவேன். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு என்பதையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்வேன்.

பொம்மிக்குக் கடைசியில் போன அறிவிப்பு இது:

"பொம்மி. பெண், டாக்டர் கணிப்பில் இரண்டு வயது. நாட்டு நாய். நிற்கும்போது முதுகு முழங்கால் அளவுக்கு வரும், எடை 14 கிலோ. வெளிர் செவலை நிறம், நெஞ்சிலும் முன்கால்களிலும் வால் நுனியிலும் வெள்ளை. குட்டை முடி. இடுப்பிலும் வாலடியிலும் முடி இப்போது மெலிதாக இருக்கிறது, தெள்ளுப்பூச்சியால் கொட்டியது, சிகிச்சை முடிந்து வளர்ந்துவருகிறது. வலது காது நிமிர்ந்தும் இடது காது நுனி மடிந்தும் இருக்கும். வலது காது ஓரத்துச் சிறு வெட்டு கருத்தடை அடையாளம். வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, சீட்டு இருக்கிறது. கூட்டத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் பழகியவள். பட்டாசுக்குப் பயப்படுவாள். வீட்டுக்குள் இருந்து பழக்கமில்லை, பொறுமையாகப் பழக்க வேண்டும். கொளத்தூர் பக்கம் வந்து பார்க்கலாம்."

தெருப் பெயரை வேண்டுமென்றே விட்டேன். எந்த இடத்தில் நாயைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால், ராத்திரியோடு ராத்திரியாகக் குட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். சோறு வைப்பவரோடு சண்டைக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தடுப்பூசிச் சீட்டை வரியில் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. மாநகராட்சியில் வளர்ப்பு நாய் உரிமம் எடுக்க அதையும் கேட்பார்கள்.

படங்களின் வரிசை இப்படி வைத்தேன்: முதலில் காது தெரியும் முகம், அடுத்து கேனோடு நிற்கும் பக்கவாட்டுப் படம், கடைசியில் வாலடி. போன் செய்தவர்கள் குறைவுதான், ஆனால் ஒருவர்கூட "எவ்வளவு பெருசு?" என்றோ "காதுல என்ன?" என்றோ கேட்கவில்லை. பட்டாசைப் பற்றியும், வேலைக்குப் போனால் எத்தனை மணி நேரம் தனியாக இருப்பாள் என்றும்தான் கேட்டார்கள். எடுத்தவர்கள் வில்லிவாக்கத்தில் ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி வாலடிப் படத்தை வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்டார். நாய் நக்கிவிடும், டாக்டர் சொல்லாமல் எதுவும் தடவ வேண்டாம் என்று சொன்னேன்.

அறிவிப்பின் அடியில் மாதமும் வருடமும் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒன்று கிளம்பினால் வருடக்கணக்கில் சுற்றும். முடி மெலிதாக இருக்கிறது என்ற வரி இரண்டு மூன்று மாதத்தில் பொய்யாகிவிடும், குட்டியின் அளவு மூன்று வாரத்தில் பொய்யாகிவிடும். வீடு கிடைக்கத் தாமதமானால் பழைய எழுத்தையே மறுபடி அனுப்பாமல், கேனுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு படம் எடுத்து, முடியையும் காதையும் பார்த்துத் திருத்தி அனுப்புங்கள். வீடு கிடைத்துவிட்டால் முதல் படத்தின் மேலேயே "வீடு கிடைத்துவிட்டது" என்று பெரிதாக எழுதி அதே குழுக்களில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் போய்விட்ட அக்காவின் எண்ணுக்குத்தான் அழைப்பு வந்துகொண்டே இருக்கும்.